190 பெரிதா, 83 பெரிதா?

2018ஆம் ஆண்டு மாருதி சுசூகி புதிய ஸ்விஃப்டை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஒரே உடலில் இரண்டு எஞ்சின்களைப் பொருத்திக் கொடுத்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 83 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் டார்க். 1.3 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். டார்க்கைப் பார்த்தவர்கள் டீசல்தான் பலசாலி என்றார்கள். குதிரைத்திறனைப் பார்த்தவர்கள் பெட்ரோலை எடுத்துக்கொண்டார்கள். பிரோஷரில் அச்சான எண்கள் இரு தரப்புக்கும் ஒன்றேதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி நடைமுறைக்கு வந்ததும் அந்த டீசல் ஸ்விஃப்ட் நின்றுபோனது. இருந்தாலும் விவரக்குறிப்புத் தாளைப் படிக்கப் பழகுவதற்கு இந்த ஜோடியைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. கூடு, கதவு, வீல்பேஸ் எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால், எண்களில் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் எஞ்சினும் கியரும் செய்த வேறுபாடுதான்.

டார்க் என்பது முறுக்கும் விசை. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால், நட்டின் மீது விழும் முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். அந்தக் கணக்கில் டீசல் எஞ்சின் 19 கிலோ தொங்கும் ஸ்பேனர், பெட்ரோல் எஞ்சின் 11 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் ஸ்பேனரில் எடை தொங்குவதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். அந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன்.

ஆகவே டார்க் எண்ணைப் பார்த்ததும் கண் அடுத்ததாகப் போக வேண்டிய இடம், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சுழற்சி எண். பெட்ரோல் ஸ்விஃப்டின் 113 நிமிடத்துக்கு 4,200 சுற்றில் கிடைக்கிறது. டீசலின் 190 வெறும் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. குதிரைத்திறனின் உச்சம் பெட்ரோலுக்கு 6,000 சுற்றில், டீசலுக்கு 4,000 சுற்றில்.

இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால், பிரோஷர் சொல்லாத ஒன்றைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். டார்க்கைச் சுழற்சியால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் அந்த இடத்தில் எஞ்சின் தரும் குதிரைத்திறன் கிடைக்கும். டீசலுக்கு 190ஐ 2,000ஆல் பெருக்கி வகுத்தால் 54. அதே 2,000 சுற்றில் பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு தரும் என்று தாளில் எழுதியிருக்காது. ஆனால் அதன் டார்க் எந்தச் சுழற்சியிலும் 113ஐத் தாண்டாது என்பது நிச்சயம். எனவே 2,000 சுற்றில் அது அதிகபட்சம் 32 குதிரைத்திறனைத்தான் தர முடியும். ஊருக்குள் கியரை மாற்றாமல் பஸ் பின்னாலிருந்து நகர்ந்து முந்தும்போது டீசலில் கார் இழுத்துக்கொண்டு போவதுபோல் தோன்றுவது இதனால்தான். பெட்ரோல் காரின் ஓட்டுநர் அந்த இடத்தில் ஒரு கியர் இறக்கி, எஞ்சினை 4,000க்கு மேல் கூவ விட வேண்டும். அப்படிக் கூவவிட்டு 6,000 வரை கொண்டுபோனால் 83 கிடைக்கும். டீசலை எவ்வளவு மிதித்தாலும் 75தான்.

இரண்டு எண்களும் உண்மை. எந்த எண் ஒருவருக்கு உதவும் என்பது அவர் எஞ்சினை எந்தச் சுழற்சியில் வைத்து ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2,000 சுற்றில் 190 என்றால் 1,300 சுற்றிலும் அதற்குப் பக்கமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. டீசலின் டர்போ அதற்குக் கீழே இன்னும் விழித்திருக்காது. அந்த 1.3 லிட்டர் எஞ்சின் டர்போ தாமதத்துக்குப் பெயர்போனது. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் சுழற்சி விழுந்துவிட்டால், 190 என்று அச்சடித்த காரே திணறும். இதற்கு மாறாக ஹூண்டாய் தன் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 172 நியூட்டன் மீட்டர் என்று எழுதும்போது, அது 1,500 முதல் 4,000 சுற்று வரை கிடைக்கும் என்று ஒரு வரம்பாகவே கொடுக்கிறது. அப்படி வரம்பாக எழுதிய இடத்தில், உச்ச எண்ணைவிட அந்த வரம்புதான் அதிகம் பேசுகிறது.

டார்க் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது கியர். எஞ்சினின் முறுக்கு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முதலில் கியர்பாக்ஸில் ஒரு முறை பெருக்கப்படும், பிறகு ஃபைனல் டிரைவில் இன்னொரு முறை. கியர் விகிதம் பெரிதாக இருந்தால் சக்கரத்தில் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஜாதி. அதனால் அதற்குப் பொதுவாகச் சிறிய விகிதத்தையே, அதாவது நீண்ட கியரையே கொடுப்பார்கள்.

எடுத்துக்காட்டுக்காக உச்ச கியரில் மொத்தப் பெருக்கம் பெட்ரோல் காருக்கு 3.3, டீசல் காருக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம். 113ஐ 3.3ஆல் பெருக்கினால் 373. 190ஐ 2.5ஆல் பெருக்கினால் 475. எஞ்சினில் 68 சதவீதமாக இருந்த டீசலின் மேலாதிக்கம் சக்கரத்துக்கு வந்து சேரும்போது 27 சதவீதமாகிவிட்டது. இரண்டு கார்களின் டார்க்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும் என்று சொல்பவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்.

சிக்கல் என்னவென்றால், இங்கே கிடைக்கும் பிரோஷர்களில் கியர் விகிதம் அநேகமாக இருக்காது. "5 ஸ்பீடு மேனுவல்" என்ற மூன்று சொற்களோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் டெஸ்ட் டிரைவில் இதை எவரும் அளந்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் 185/65 R15 என்று பொறித்திருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். கணக்குப் போட்டால் டயரின் முழு விட்டம் 621 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சுற்றளவு 1.95 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 683 முறை சுற்றும். உடன் வருபவர் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்துச் சொல்ல, ஓட்டுபவர் உச்ச கியரில் 80இல் நிதானமாகப் போக வேண்டும். அப்போது டேகோமீட்டர் 2,250 காட்டினால், அதை 683ஆல் வகுக்க 3.3 வரும். அதுவே அந்தக் காரின் உச்ச கியர் பெருக்கம். காரின் ஸ்பீடோமீட்டரை நம்பக் கூடாது. அது வழக்கமாக உண்மையைவிடச் சற்று கூடுதலாகவே காட்டும்.

இந்த ஒரே அளவு நெடுஞ்சாலை வாழ்க்கையை முன்கூட்டிச் சொல்லிவிடும். 100இல் 2,800 சுற்றும் எஞ்சினின் இரைச்சல் கேபினுக்குள் கேட்கும், ஆனால் லாரியைத் தாண்ட கியரை இறக்க வேண்டிய தேவை குறையும். 2,100 சுற்றும் எஞ்சின் அமைதியாகப் போகும், எரிபொருளும் மிச்சமாகும். அதற்கு டார்க் கீழ்ச் சுழற்சியில் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் கியர் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது எடை. கர்ப் வெயிட் என்பது ஆள் ஏறாமல், எண்ணெயும் எரிபொருளும் ஊற்றி, ஓடத் தயாராக நிற்கும் காரின் எடை. பெட்ரோல் ஸ்விஃப்ட் சுமார் 870 கிலோ, டீசல் சுமார் 970 கிலோ. டீசல் எஞ்சினும் அதன் டர்போவும் சேர்ந்து கூட்டும் அந்த 100 கிலோவில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மீது உட்காருகிறது. வளைவில் ஸ்டீயரிங் கனமாகத் தெரிவது அதனால்தான்.

காரின் வேகத்தை ஒப்பிட குதிரைத்திறனை எடையால் வகுப்பார்கள். டன்னுக்குப் பெட்ரோல் 95, டீசல் 77 என்று வரும். இந்த எண் விளம்பரத்தில் அழகாகத் தெரியும், ஆனால் ஆளில்லாத காருக்குத்தான் இது பொருந்தும். நான்கு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 300 கிலோ ஏற்றிவிட்டால் பெட்ரோல் 71, டீசல் 59. சின்ன கார் வாங்கும் குடும்பம் ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். ஏனென்றால் அதே 300 கிலோ, 870 கிலோ காரின் பாரத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிவிடுகிறது. 1,700 கிலோ எஸ்.யூ.வி.யில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெளிநாட்டுத் தாளோடு இந்தியத் தாளை ஒப்பிடும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சொல்லப்படும் எடையில் ஓட்டுநருக்காக 75 கிலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஒரே கார் அங்கே 75 கிலோ கனமாகத் தெரிந்தால், தகடு தடிமனாகப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வீல்பேஸ் என்பது முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம். இதைத் தனியாகப் படிப்பதில் பயனில்லை, காரின் நீளத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்விஃப்டின் நீளம் 3,840 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2,450. அதே தலைமுறையின் டிசையர் 3,995 மில்லிமீட்டர் நீளம், ஆனால் வீல்பேஸ் அதே 2,450. கூடுதலாக வந்த 155 மில்லிமீட்டர் முழுக்கச் சக்கரங்களுக்கு வெளியே, டிக்கிக்குத்தான் போயிருக்கிறது. 268 லிட்டராக இருந்த டிக்கி 378 ஆனது. அப்போதைய பலேனோவை எடுத்தால் நீளம் டிசையரைப் போலவே 3,995, வீல்பேஸ் மட்டும் 2,520. டிக்கியாக நீட்டாமல் சக்கரங்களைத் தள்ளி வைத்ததால் அந்த 70 மில்லிமீட்டர் உட்காருபவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டும் 3,995இல் நின்றது தற்செயல் அல்ல. 4 மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதால், பல நிறுவனங்களும் அந்தக் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திக்கொள்கின்றன.

நீண்ட வீல்பேஸ் நெடுஞ்சாலையில் காரை நிலையாக வைக்கும், மேடு பள்ளத்தில் குதிப்பு குறையும். அதற்கான விலையை வளைத்துத் திருப்பும்போதும் வேகத்தடையிலும் கொடுக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து உயரம் இரண்டு காருக்கும் சமமாக இருந்தாலும், சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள காரின் வயிறுதான் உயரமான வேகத்தடையில் முதலில் உரசும். அந்த உயரம் ஆளில்லாத காருக்கு அளந்ததா, பாரம் ஏற்றிய காருக்கு அளந்ததா என்று ஷோரூமில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து பேர் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, தாளில் படித்த உயரத்தில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும்.