கர்சர் சொல்லுக்குப் பின்னால் வரட்டும்

கணினித் திரையைப் பதிவு செய்து ஒரு மென்பொருளைக் கற்றுத்தரும் வீடியோவில் ஆசிரியரின் முகமும் தெரியாது, கையும் தெரியாது. வகுப்பில் சுட்டுவிரல் செய்கிற வேலை முழுவதையும் கர்சர் என்ற சிறிய அம்புக்குறி செய்கிறது. மீதியைக் குரல் செய்ய வேண்டும். அம்புக்குறி முந்திக்கொண்டால் பார்ப்பவர் எதற்காக அது ஓடுகிறது என்று புரியாமல் விழிப்பார். குரல் முந்திக்கொண்டால் சொன்ன பொத்தானைத் திரையெங்கும் தேடுவார். இரண்டில் எது நடந்தாலும் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி பார்க்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது குரலையும் கர்சரையும் ஒரே தாளத்தில் நடத்துவது.

இந்தியாவில் இதை ஒழுங்கான முறையாக வகுத்துக்கொண்டு செய்திருப்பது மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய இத்திட்டத்தின் பாடங்கள் பெரும்பாலும் பத்து நிமிட அளவில் இருக்கும். திரை ஆங்கிலத்தில் இருக்க, விளக்கம் மட்டும் தமிழ் உட்பட பல இந்திய மொழிகளில் ஒலிக்கும். அங்கே ரெக்கார்டிங் பொத்தானை அழுத்துவது கடைசியில்தான். முதலில் இரண்டு பத்திகளாகப் பிரித்த எழுத்துப்படி தயாராகும். இடப்பக்கம் திரையில் நடக்க வேண்டியது, வலப்பக்கம் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது. அந்த மென்பொருளை அறியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்ப்பார். அவர் தடுக்கும் இடங்களைத் திருத்திய பிறகே குரல் பதிவாகும். வீட்டில் ஒற்றை ஆளாக வீடியோ எடுப்பவரும் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் வீட்டுச் செலவைக் கூட்டும் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். A பத்தியில் வாடகை, மளிகை, பால், மின்சாரம், பேருந்து என்று ஐந்து வரிகள் உள்ளன. B பத்தியில் 8500, 6200, 1500, 940, 1200 என்று தொகைகள் B2 முதல் B6 வரை இருக்கின்றன. B7-இல் மொத்தம் வர வேண்டும். கற்றுத்தர வேண்டிய சூத்திரம் இதுதான்:

```
=SUM(B2:B6)
```

பழக்கப்பட்டவர் இதை மூன்று நொடியில் செய்து முடித்துவிடுவார். எழுத்துப்படியில் இது ஐந்து படிகளாக விரியும். B7-ஐத் தேர்ந்தெடுப்பது, சமக் குறியுடன் SUM என்று தட்டி அடைப்புக்குறியைத் திறப்பது, B2-இலிருந்து B6 வரை மவுஸை இழுப்பது, அடைப்புக்குறியை மூடுவது, என்டர் தட்டுவது. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு சிறு வாக்கியம். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கிளிக்குகள் நுழைந்தால் அதை உடைத்துவிட வேண்டும்.

இங்கே தமிழ் ஒரு வசதி செய்து தருகிறது. "மொத்தம் என்ற சொல்லுக்கு வலப்பக்கம் உள்ள B7 கட்டத்தை அழுத்தவும்" என்ற வாக்கியத்தில் இடம் முதலில் வருகிறது, பொருள் அடுத்து வருகிறது, வினை கடைசியில் வருகிறது. கர்சரும் இதே வரிசையில்தான் நகர வேண்டும். இடத்தைச் சொல்லும்போது அது புறப்படுகிறது, "B7 கட்டத்தை" என்னும்போது அந்தக் கட்டத்தில் போய் நிற்கிறது, "அழுத்தவும்" என்ற சொல் விழும்போது கிளிக் விழுகிறது. ஆங்கிலத்தில் கட்டளை வினையில் தொடங்குவதால் அழுத்து என்ற சொல் முதலிலேயே வந்துவிடும், எதை என்பது பிறகுதான் தெரியும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் டப்பிங் செய்வோர் தடுமாறும் இடமும் இதுவே. அங்கே கிளிக் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், தமிழ் வாக்கியம் இன்னும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் படத்தை ஒரு நொடி உறைய வைத்து, வினைச்சொல் வரும்வரை காத்திருக்கச் செய்வதே நல்ல வழி.

கர்சர் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இத்தகைய வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 படங்களாகப் பதிவாகின்றன. 1920 புள்ளி அகலமுள்ள திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பழகிய கை 0.2 நொடியில் கர்சரைத் தள்ளிவிடும். வீடியோவில் அதற்குக் கிடைப்பது ஆறே ஆறு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கர்சர் 300 புள்ளிகளுக்கு மேல் தாவியிருக்கும். செய்பவருக்கு அது நகர்ந்தது, பார்ப்பவருக்கு அது ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் முளைத்தது. அதே தூரத்தை ஒரு நொடியில் கடந்தால் 30 படங்கள் கிடைக்கும். கண் பின்தொடர்ந்து வந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் அரை நொடி நிற்க வேண்டும், பிறகுதான் கிளிக். கையை அடக்குவது சிரமமாக இருந்தால் கணினியின் அமைப்புகளில் மவுஸ் வேகத்தைக் குறைத்துவிடலாம். விண்டோஸில் Enhance pointer precision என்ற தேர்வையும் நீக்கிவிடுவது நல்லது. அது இருக்கும்வரை கை சற்று வேகமாக அசைந்தாலே கர்சர் அந்த விகிதத்தை மீறிப் பாயும்.

வேகத்தைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டே கர்சரைச் சும்மா ஆட்டுவது, ஒரு பொத்தானைச் சுற்றிச் சுற்றி வட்டம் போடுவது. திரையில் அசைவது எதுவாக இருந்தாலும் கண் அங்கே போய்விடும். காரணமில்லாமல் அசைந்தால் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஏமாறுவார். சில நிமிடங்களில் கர்சரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். ஆகவே கர்சருக்கு ஒரு வீடு வேண்டும். நம் பாடத்தில் எதுவும் எழுதப்படாத D10 கட்டத்தை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியும் அங்கிருந்து தொடங்கி அங்கேயே முடிய வேண்டும். விளக்கம் நீளும்போது மவுஸிலிருந்து கையையே எடுத்துவிடலாம். சூத்திரம் தட்டும்போதும் கர்சர் அந்தக் கட்டத்தின்மேல் நிற்கக் கூடாது. எழுதும் இடத்தில் அது மெல்லிய கோடாக மாறி எழுத்துக்கு நடுவே கிடக்கும்.

இழுப்பது தனிக் கவனம் கேட்கும். B2-இல் மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பது வீடியோவில் தெரியாது, வெறுமனே நகர்த்துவதும் பிடித்து இழுப்பதும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் "இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி B6 வரை இழுத்து விடவும்" என்று குரலில் சொல்லியாக வேண்டும். கீழே B6-ஐ அடைந்ததும் பொத்தானை விடுவதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். என்டர் தட்டிய பிறகும் ஒரு சிக்கல் வரும். 18340 என்ற விடை B7-இல் வந்திருக்கும், ஆனால் தேர்வுக் கட்டம் B8-க்கு இறங்கியிருக்கும். பார்ப்பவரின் கண்ணும் கூடவே இறங்கி வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும். "விடை B7-இல் வந்திருக்கிறது" என்று சொல்லிக் கர்சரை அங்கே ஒரு முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

திரையைத் தயார் செய்யும்போது கைபேசியை நினைத்துக்கொள்ள வேண்டும். 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் அகலம். சாதாரணக் கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் அதே படம் சுமார் 7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எழுத்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகச் சுருங்கி நிற்கும். கால்க்கின் ஜூமை 200 சதவீதத்துக்கு ஏற்றி, கர்சரின் அளவை இரண்டு மூன்று படி கூட்டி வைக்காவிட்டால் எண்கள் எறும்பு வரிசைதான். பதிவுக்கு இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ போதும். அதில் Display Capture மூலத்தைச் சேர்த்து, Capture Cursor பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிக் இல்லாவிட்டால் செய்பவரின் திரையில் கர்சர் தெரியும், வீடியோவில் தெரியாது. முழுப் பாடத்தையும் எடுத்து முடித்த பிறகுதான் அது தெரியவரும் என்பதால் பத்து நொடி சோதனைப் பதிவு ஒன்று அவசியம். வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

குரலையும் கையையும் ஒரே நேரத்தில் நடத்துவது தொடங்குபவருக்கு எளிதாகத் தோன்றும். உண்மையில் அதுதான் கடினமான வழி. கிளிக் செய்யும் கணத்தில் பேச்சு தயங்கும், பேச்சு தடுமாறினால் கை அலையும். குரலை முதலில் தனியாகப் பதிந்துகொண்டு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடியே திரையில் செய்து பதிவு செய்தால் இரண்டும் சீராக வரும். மவுஸின் டக் டக் சத்தமும் குரலில் கலக்காது.

குரல் சீராக இருப்பதற்குப் பாதிக் காரணம் வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம். ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, வாய்க்கு நேரெதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் ப, ஃப ஒலிகளின் காற்று மைக்கில் மோதாது. ஓபிஎஸ்ஸின் ஒலி அளவியில் பேச்சு பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும். அது -20 முதல் -9 டெசிபல் வரையிலான பகுதி. சிவப்பை அடிக்கடி தொட்டால் உரத்த எழுத்துகள் உடைந்து கேட்கும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவதே நல்லது. முடியாவிட்டால் பேசத் தொடங்குமுன் ஐந்து நொடி மௌனமாக இருந்து அறையின் இரைச்சலை மட்டும் பதிய வேண்டும். ஆடாசிட்டியின் Noise Reduction அந்தத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் இரைச்சலைக் குறைக்கும். அளவு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதற்குக் கொஞ்சம் இரைச்சலே மேல்.

வாய் தவறினால் பதிவை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கைதட்டு, மூன்று நொடி இடைவெளி, பிறகு அந்த வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து மறுபடி சொல்வது. ஒலியலையில் கைதட்டு கூர்மையான முள்ளாக நிற்கும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்காது. பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கி ஒட்டினால் தொனி மாறுவது காதில் படும். மறுநாள் உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் முந்தைய நாள் பதிவின் கடைசி அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அதே ஆளின் குரலே வேறொருவருடையதுபோல் ஒலிக்கும்.

முடிந்த வீடியோவை மூன்று விதமாகப் பார்த்தால் குறைகள் தாமாக வெளிவரும். ஒலியை அணைத்துப் பார்க்கும்போது கர்சர் எங்கே போயிற்று என்று ஒரு முறையாவது தேட நேர்ந்தால் அங்கே வேகம் அதிகம். கண்ணை மூடிக் கேட்கும்போது "இங்கே", "இதை", "இந்த மாதிரி" என்ற சொற்கள் வந்தால் அங்கெல்லாம் பொருளின் பெயரைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவதாகக் கால்க் தெரியாத ஒருவரைக் கணினி முன் உட்காரவைத்து, வீடியோவைப் பார்த்தபடி செய்யச் சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர் வீடியோவைப் பின்னால் தள்ளும் நொடிகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

குறித்த இடங்களில் அந்தப் படியை மட்டும் மறுபடி எடுத்துச் சொருகலாம். எல்லாப் படிகளும் D10-இல் தொடங்கி D10-இலேயே முடிவதால் ஒட்டிய இடத்தில் கர்சர் தாவாது. ஒவ்வொரு படியின் குரலும் படமும் தனித்தனிக் கோப்பாக இருந்தால், மென்பொருளின் புதிய பதிப்பில் ஒரு மெனு இடம் மாறும்போதும் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.