கை பில்லும் கணினியின் கண்ணும்

ஹார்டுவேர் கடையில் ஆணி, கம்பி வாங்கினால் பில் புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துத் தருவார்கள். பெரிய கம்பெனியிலிருந்து சரக்கு வந்தால் கூடவே அச்சடித்த பில் வரும். இரண்டையும் ஸ்கேன் செய்து கணக்கில் ஏற்றும் மென்பொருள்கள் இப்போது ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் வந்துவிட்டன. அச்சு பில்லில் அவை பெரும்பாலும் சொன்னபடி வேலை செய்கின்றன. கை பில்லில்தான் தடுமாற்றம். எழுத்து கோழிக் கிறுக்கலாக இருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை.

தனியாக எழுதிய ஓர் இலக்கத்தைப் படிப்பது கணினிக்கு எப்போதோ கைவந்த வேலை. எம்னிஸ்ட் என்ற பெயரில் கையெழுத்து இலக்கங்களின் தொகுப்பு ஒன்று 1990களிலிருந்து புழங்குகிறது. அதில் 70,000 படங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துச் சோதித்தபோது, அந்தக் காலத்திலேயே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் பிழை வந்தது. ஆனால் அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு இலக்கமும் தனித்தனிப் படமாக, நடுவில் நிறுத்தி வெட்டப்பட்டிருக்கும். பில்லில் அப்படி யாரும் வெட்டித் தருவதில்லை. ஓர் எழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினியே கண்டுபிடிக்க வேண்டும். அச்சில் இடைவெளி சீராக இருக்கிறது, வரி நேராக ஓடுகிறது, எல்லா 7-ம் ஒரே மாதிரி இருக்கின்றன. கையில் எழுதும்போது இலக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன, கட்டத்துக் கோட்டின் மேல் ஏறுகின்றன, தொகை பக்கத்துப் பத்தியில் போய் விழுகிறது. நம் வழக்கத்தில் 850/- என்று எழுதுகிறோமே, அந்தச் சாய்கோடு கணினியின் கண்ணுக்கு அசல் 1 போலவே தெரியும். மேலே எழுதியதையே குறிக்கப் போடும் இரண்டு சிறு கோடுகள் 11 ஆகிவிடும். பைசாவைச் சிறிதாக மேலே எழுதி அடிக்கோடிட்டால் அதுவும் ரூபாயோடு சேர்ந்துவிடும்.

இதில் பெருக்கல் வேறு வேலை செய்கிறது. நூறு எழுத்தில் 98-ஐச் சரியாகப் படிக்கும் மென்பொருள் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். பதினைந்தும் பிழையில்லாமல் அமையும் வாய்ப்பு 74 சதவீதம்தான். நான்கில் ஓர் எண் தவறாக வரும் என்று கொள்ளலாம். அச்சில் எழுத்துக்கு எழுத்து பிழை மிகக் குறைவு என்பதால் இந்தப் பெருக்கலின் வலி தெரிவதில்லை.

ஆகவே கை பில்லை மனிதர் பார்க்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் பார்ப்பதானால் கணினி எதற்கு? எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பதில்தான் சூட்சுமம். மென்பொருள், தான் படித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் தரும். மதிப்பெண் குறைந்ததை மட்டும் ஆளிடம் அனுப்பினால் போதும் என்று பலர் தொடங்குகிறார்கள். நான் அதை நம்பமாட்டேன்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பைப் 6, விலை 217, தொகை 1302. கட்டுக்கம்பி 15 கிலோ, விலை 74, தொகை 1110. கதவுக் கீல் 8, விலை 60, தொகை 480. கூட்டினால் 2892. ஒன்பதும் ஒன்பதுமாக 18 சதவீத வரி 520.56. மொத்தம் 3412.56; கடைக்காரர் முழுமையாக்கி 3413/- என்று எழுதியிருக்கிறார். கணினி பைப் விலையை 211 என்றும் மொத்தத்தை 34131 என்றும் படிக்கிறது. 211-க்கு அது தரும் மதிப்பெண் நன்றாகவே இருக்கலாம். தலைக்கோடு குட்டையாக எழுதிய 7, 1-ஐப் போலவே இருந்தால் கணினிக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? மதிப்பெண் உருவ ஒற்றுமையைச் சொல்கிறதே தவிர, உண்மையைச் சொல்வதில்லை.

ஆனால் பில்லே சாட்சி சொல்கிறது. ஆறை 211-ஆல் பெருக்கினால் 1266, எழுதியிருப்பதோ 1302. மூன்று தொகையும் வரியும் சேர்ந்தால் 34131 வரவே வராது. ஆகவே முதல் சல்லடை கணக்காக இருக்கட்டும், மதிப்பெண் அதற்குப் பின் வரட்டும். அளவு பெருக்கல் விலை, வரிகளின் கூட்டல், வரி விகிதம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணுக்கும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண் என்பதால் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது முன்பே தெரியும். பூஜ்ஜியமா, ஓ எழுத்தா என்ற குழப்பம் அங்கே தீர்ந்துவிடும். கடைசி எழுத்து முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓரிடத்தில் தவறினால் அது காட்டிக்கொடுக்கும்.

கணக்கையும் ஏமாற்றும் பில் உண்டு. ஒரே ஒரு வரி, தொகை 1700, மொத்தமும் 1700 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. அந்தக் கையின் 7-ஐ ஓரிடத்தில் 1 என்று படித்த கணினி, மற்ற இடத்திலும் அப்படியே படிக்கும். 1100-ம் 1100-ம் அழகாகப் பொருந்திவிடும். ஒற்றை வரி கை பில்லை விதிவிலக்கில்லாமல் ஆளிடம் அனுப்புங்கள். தேதிக்கும் இந்தக் கூட்டல் உதவாது. ஆனால் பில் புத்தகத்தில் எண் அச்சிட்டே வரும். ஒரே புத்தகத்தில் 412-ம் பில்லின் தேதி 411-க்கு முந்தியதாக வந்தால் எங்கோ தவறு.

புது வகை மென்பொருள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழையவை தடுமாறினால் குப்பையாகக் கொட்டும்; பார்த்தாலே தெரியும். படத்தையும் மொழியையும் சேர்த்துப் பயின்ற புதியவை, தெளிவில்லாத இடத்தைப் பொருத்தமான எண்ணால் நிரப்பிவிடக் கூடும். கடைக்காரரே கூட்டலில் பிசகியிருந்தால், இது அதைத் திருத்தித் தந்துவிடலாம். கணக்குப் புத்தகத்துக்கு வேண்டியது காகிதத்தில் இருப்பது. பார்ப்பவரும் அப்படித்தான்: எழுதியிருப்பதை அப்படியே பதிந்துவிட்டு, கூட்டல் தவறு என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

பார்ப்பவரிடம் முழு பில்லையும் நீட்ட வேண்டாம். சந்தேகமான கட்டத்தின் படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, முழு பில்லை ஓரத்தில் வைத்தால் போதும். மொத்தத் தொகைக்கு மட்டும் கணினி படித்ததைக் காட்டவே கூடாது. 34131 என்று எதிரே இருந்தால், களைத்த கண் அதற்கே தலையாட்டும். படத்தைப் பார்த்து அவரே தட்டட்டும். இரண்டும் ஒத்தால் சரி; ஒவ்வாவிட்டால் இரண்டாவது ஆள்.

மதிப்பெண்ணுக்கு எல்லை வைக்க, ஏற்கெனவே கையால் கணக்கில் ஏற்றிய பழைய பில் ஓர் இருநூறை மென்பொருளிடம் கொடுத்து, கட்டம் கட்டமாக ஒப்பிட வேண்டும். தேதிக்கு ஓர் எல்லை, தொகைக்கு ஓர் எல்லை என்று தனித்தனியாகத்தான் அமையும். பிறகு, தானாகத் தேறிய பில்களிலும் இருபதுக்கு ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். தேறியவற்றில் ஒளிந்திருக்கும் பிழையைக் காண வேறு வழியில்லை. அப்படி நூறைப் பார்த்து ஒரு பிழையும் அகப்படாவிட்டால்கூட, உண்மையான பிழை நூற்றுக்கு மூன்றுவரை இருக்க இடமுண்டு. முதல் மாதத்தோடு இந்தச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

சில மாதங்களில், திரும்பத் திரும்ப மாட்டுவது நாலைந்து கடைகளின் பில்தான் என்பது தெரிந்துவிடும். அவர்களிடம் கார்பன் நகலுக்குப் பதில் மேல் தாளையே கேட்டு வாங்கலாம். நம் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்று: 'பெறப்பட்டது' முத்திரையை மொத்தத் தொகையின் மேல் குத்தாமல் தாளின் பின்புறம் குத்துவது.