இலக்கம் மட்டும் ஏற்கும் கட்டங்களில் தொகையை உள்ளிடுதல்

இணையப் படிவங்களில் தொகை கேட்கும் சில கட்டங்கள் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டுமே ஏற்கும். ஒரு மாணவர் உதவித்தொகைப் படிவத்தில் குடும்ப ஆண்டு வருமானத்தை நிரப்புகிறார் என்று கொள்வோம். தொகை ரூ. 1,25,000.00. இதை நகலெடுத்து அப்படியே ஒட்டினால் இருவகைப் பிழைகள் நேரலாம்.

சில படிவங்கள் இலக்கமல்லாத குறிகளைச் சத்தமின்றி நீக்கிவிடும். காற்புள்ளிகள் போவதால் கேடில்லை. ஆனால் தசமப் புள்ளியும் போய்விட்டால், பைசாவுக்கான இரு சுழியங்கள் ரூபாயோடு ஒட்டிக்கொண்டு 12500000 ஆகும். ஒன்றேகால் லட்சம் ஒன்றேகால் கோடியாக, அதாவது நூறு மடங்காகப் பதிவாகும். வருமான வரம்பைத் தாண்டியதாக விண்ணப்பம் தள்ளப்படலாம்.

வேறு சில படிவங்கள் முதல் காற்புள்ளியோடு படிப்பதை நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கீழ்க்காணும் கட்டளை தரும் விடை 1 மட்டுமே.

```
parseInt("1,25,000.00")
```

எனவே பைசா கேட்கப்படாத கட்டத்தில் புள்ளியையும் அதன் பின்னுள்ளவற்றையும் விட்டு, 125000 என்று தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு இலக்கங்களை எண்ண வேண்டும்: லட்சத்துக்கு ஆறு, பத்து லட்சத்துக்கு ஏழு, கோடிக்கு எட்டு. கட்டத்தின் அருகே ‘லட்சத்தில்’ என்று குறித்திருந்தால் மட்டும் இக்கணக்கு பொருந்தாது. அங்கே 125000 என்பது 125000 லட்சமாகிவிடும். சமர்ப்பிக்கும் முன் வரும் முன்னோட்டப் பக்கத்தில் தொகையை மீண்டும் எண்ணிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.