ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் இல்லை

ஒரு மளிகைக் கடையில் ஞாயிறு காலை பத்தரை மணிக்கெல்லாம் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் வேறு பிராண்டை எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை. பலர் எடுத்து வைத்த பருப்பையும் புளியையும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். கடைக்காரர் ஏஜென்சிக்கு ஃபோன் போடுவார்: “என்னண்ணே, இந்த வாரமும் சரக்கு பத்தலையே!” “நீங்க கேட்டதைத்தானே அனுப்புறோம் அண்ணாச்சி” என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் இந்தப் பேச்சு ஃபோனில் முடிவதில்லை. கணக்கோடு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் வாரம் 11 பெட்டி கேட்கிறார். பெட்டிக்கு 10 பாக்கெட், ஆக 110. எதை வைத்துக் கேட்கிறார்? போன வாரம் பில்லில் 110 பாக்கெட் போயிருக்கிறது, அதை வைத்து. ஆனால் பில்லிங் கம்ப்யூட்டருக்கு விற்றது மட்டும்தான் தெரியும். “இல்லையே சார்” என்று சொல்லி அனுப்பியது எந்தப் பில்லிலும் ஏறாது. வந்த 110-ம் தீர்ந்தது, அதனால் விற்பனை 110, அதனால் அடுத்த ஆர்டரும் 110. செக்குமாடு மாதிரி இந்தக் கணக்கு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே வர ஒரு சுலப வழி உண்டு. அந்தப் பொருளுக்கு வாரத்தில் போட்ட கடைசிப் பில்லின் நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு 10.30-க்குப் பிறகு ஒரு பில்லும் இல்லையென்றால் மீதி நாளின் விற்பனை பூஜ்ஜியமில்லை, தெரியாத எண். சரக்கு இரவு வரை இருந்த பழைய ஞாயிறு ஒன்றைத் தேடி எடுத்தால் அந்த எண் கிடைத்துவிடும். நம் கடையில் திங்கள் முதல் வியாழன் வரை தினம் 12 பாக்கெட், வெள்ளி 20, சனி 32, ஞாயிறு 30. கூட்டினால் 130.

அப்படியானால் 13 பெட்டி கேட்டால் போதாதா? ஒரு வாரம் போதும், அடுத்த வாரம் போதாது. காரணம் நாள்களில் இருக்கிறது. சேல்ஸ்மேன் லைனுக்கு வருவது வெள்ளிக்கிழமை, வண்டி வருவது திங்கள் காலை. வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கும் ஆர்டர் அந்த வார இறுதியைத் தாண்டி, அடுத்த ஏழு நாளையும் சமாளிக்க வேண்டும். அதாவது கடைக்காரர் பத்து நாள் விற்பனையை முன்கூட்டியே ஊகிக்கிறார். ரேக்கில் 60 பாக்கெட் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, “இருக்கே, போதும்” என்று சொல்லத் தோன்றும் நாளும் வெள்ளிதான். அடுத்த இரண்டு நாளில் 62 போய்விடும். சம்பளம் வந்த முதல் வாரமென்றால் சனி சாயங்காலமே ரேக் காலி.

ஏஜென்சி வண்டி திங்கள், வெள்ளி என இரண்டு முறை வந்தால் கணக்கு சுருங்கிவிடும். வியாழன் மதியம் சொல்லும் ஆர்டருக்கு அன்றிலிருந்து ஞாயிறு வரை நான்கு நாள் பார்த்தால் போதும். நான்கு நாள் ஊகம் தப்பினாலும் ஒன்றிரண்டு பெட்டிதான் தப்பும். வார மொத்தம் அதே 13 பெட்டி, திங்கள் 5, வெள்ளி 8. கூடவே இரண்டு பெட்டியை எப்போதும் கையிருப்பாக உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

எழுத உட்காருமுன் பக்கத்துத் தெருவில், வேறு ஏஜென்சியிடம் வாங்கும் கடையில் அதே எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அங்கும் இல்லையென்றால் தட்டுப்பாடு மேலிடத்தில் இருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அப்படித்தான் ஆனது. இந்தியாவுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பெருமளவு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அப்போது டெலிவரி நாளை மாற்றிக் கேட்டு ஒரு பயனும் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஏஜென்சி வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டீசல், டிரைவர், லோடுமேன் என ஒரு நடைக்கு ஆகும் செலவு அவர்களுடையது. வண்டி எப்படியும் இரண்டு தெரு தள்ளிப் போகிறதென்றால் நம் கடை வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். லோடுமேனிடம் ஒரு டீயோடு விசாரித்தால் விஷயம் வந்துவிடும்.

கடிதம் சேல்ஸ்மேனுக்கு வேண்டாம், பாவம், வண்டி ரூட் அவர் கையில் இல்லை. ஏஜென்சி உரிமையாளருக்கே எழுதலாம்.

“ஐயா, வணக்கம்.

பொருள்: 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் – டெலிவரி நாளை மாற்றக் கோருதல்.

கடந்த எட்டு வாரங்களில் ஆறு வாரம் இந்த எண்ணெய் எங்கள் கடையில் ஞாயிறு மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தேதியும் கடைசிப் பில் நேரமும் இணைப்பில் உள்ளன. தங்கள் பக்கம் குறைவில்லை. நாங்கள் கேட்ட 11 பெட்டியும் ஒவ்வொரு திங்களும் சரியாக வந்தது. எங்கள் உண்மையான தேவை வாரம் 13 பெட்டி. அதில் பெரும்பகுதி வெள்ளி முதல் ஞாயிறு வரை விற்கிறது.

ஆகவே திங்கள் 5 பெட்டி, வெள்ளி மதியத்துக்குள் 8 பெட்டி என இரண்டு தவணையாக அனுப்பித் தரக் கேட்டுக்கொள்கிறோம். வெள்ளிச் சரக்கின் அளவை வியாழன் மாலை 4 மணிக்குள் வாட்ஸ்அப்பில் உறுதிசெய்வோம். தங்களிடம் வாங்கும் மற்ற சரக்கில் ஒரு பகுதியையும் வெள்ளிக்கு மாற்றிக்கொள்கிறோம். வண்டியைக் காக்க வைக்காமல் இறக்க ஒருவர் தயாராக இருப்பார். வெள்ளி பில்லுக்குச் சரக்கு இறங்கியதும் பணம் தந்துவிடுவோம்.

வரும் மாதம் முதல் ஆறு வாரம் இப்படிப் பார்ப்போம். அதன்பின் இருவருக்கும் ஒத்துவந்தால் தொடரலாம். தங்கள் முடிவை 25-ஆம் தேதிக்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.”

“அடிக்கடி தீர்ந்துவிடுகிறது” என்று எழுதியிருந்தால் ஏஜென்சிக்காரர் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். எட்டில் ஆறு என்று தேதியோடு வந்தால் அவரே லெட்ஜரைத் திறந்து பார்ப்பார். “தங்கள் பக்கம் குறைவில்லை” என்ற வரியைச் சிலர் தன்மானக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே கெட்டிக்கார வரியாகத் தெரிகிறது. குற்றம் சாட்டினால் அவர் பதில் தேடுவார், சாட்டாவிட்டால் வழி தேடுவார். வண்டி உண்மையிலேயே தாமதமாக வந்திருந்தால் மட்டும் அந்த வரிக்குப் பதில் தாமதமான தேதிகளைப் போட வேண்டும். முதல் கடிதத்திலேயே கம்பெனி ஏரியா மேனேஜருக்கு நகல் அனுப்புவது வேண்டாத வேலை. அது இரண்டாம் கடிதத்துக்கு இருக்கட்டும்.

வாரத்துக்கு இரண்டு நடை கட்டுப்படியாகாது என்று ஏஜென்சி சொல்லிவிடலாம். சின்ன ஊர்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். அப்போது கேட்க இன்னொன்று மிச்சமிருக்கிறது. திங்கள் வருவதை வெள்ளிக்கு மாற்றித் தரச் சொல்லலாம். நடை அதே ஒன்று, பெட்டியும் அதே 13. ஆர்டரை மட்டும் முந்தின நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். வார இறுதிக்குச் சரக்கு நிறைய இருக்கும். தீர்ந்தாலும் வியாழக்கிழமைதான் தீரும். அன்று முழுநாள் விற்பனையே 12 பாக்கெட்.