இளம் வயதில் ரத்தக்கட்டு: பிறவியிலேயே குறையும் மூன்று புரதங்கள்

ரத்தக்கட்டு என்றால் வயதானவர்களுக்கும், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கும் வருவது என்றே பலரும் நினைக்கிறோம். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் உண்டாக்கும் தமனி அடைப்புக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சிரைகளில், அதாவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்களில் உண்டாகும் கட்டுக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது. கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாக இருக்கும் 25 வயதுக்காரருக்கும் காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ அது வரலாம். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு குறை: ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் இயற்கைப் புரதங்களில் ஒன்று பாதியளவே சுரப்பது.

உறைதலுக்குப் போடும் பிரேக்

கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைய வேண்டும். அந்த வேலையை முடித்துவைப்பது த்ராம்பின் என்ற நொதி. ஆனால் உறைதல் காயத்தோடு நின்றுவிட வேண்டும், குழாய் நெடுகப் பரவக் கூடாது. அதற்கு உடல் வைத்திருக்கும் பிரேக்குகள்தான் ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ். மூன்றையும் முக்கியமாகக் கல்லீரலே தயாரிக்கிறது.

ஆன்டித்ராம்பின் நேரடியாக த்ராம்பினையும் 10-ஆம் உறைதல் காரணியையும் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. புரோட்டீன் சி வேறு வழியில் போகிறது. உறைதலை வேகப்படுத்தும் 5, 8 ஆகிய காரணிகளை அது வெட்டிவிடும். அதற்குத் துணை நிற்பது புரோட்டீன் எஸ்.

1965-இல் நார்வே மருத்துவர் ஓலாவ் எகெபெர்க், ஒரே குடும்பத்தில் பலருக்கு ரத்தக்கட்டு வந்ததை ஆராய்ந்தபோது அவர்களின் ஆன்டித்ராம்பின் இயல்பில் ஏறக்குறையப் பாதியாக இருப்பதைக் கண்டார். புரோட்டீன் சி குறைவு 1981-லும், புரோட்டீன் எஸ் குறைவு 1984-லும் கண்டறியப்பட்டன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதானாலே போதும், அளவு பாதியாகிவிடும். ஆகவே குறை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூன்றில் வலுவான ஆபத்தைத் தருவது பொதுவாக ஆன்டித்ராம்பின் குறைவு.

குறை இருந்தும் பலருக்குக் கட்டு வராதது ஏன்?

பாதியளவு புரதத்தை வைத்துக்கொண்டே பலர் பல ஆண்டுகளை எந்தத் தொந்தரவும் இல்லாமல் கழித்துவிடுகிறார்கள். உறைதலைத் தூண்டும் இன்னொன்று வந்து சேரும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. கால் முறிந்து மாவுக்கட்டு, பெரிய அறுவை சிகிச்சை, பல நாள் படுக்கை, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகியவை அப்படிப்பட்ட தூண்டல்கள். ஆன்டித்ராம்பின் குறைவில் எந்தத் தூண்டலும் இல்லாமலே கட்டு வருவதும் உண்டு.

நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, கோவில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரை. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று தோன்றும். ஆனால் தள்ளிப்போடுவதற்காக ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை எடுக்கும்போது, அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. குடும்பத்தில் ரத்தக்கட்டு வரலாறு உள்ள பெண் இதைத் தானாக வாங்கக் கூடாது.

மற்றொன்று, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்து, எழுந்து நடமாடவிடாமல் படுக்க வைப்பது. பிரசவத்தை ஒட்டி ரத்தம் ஏற்கெனவே உறையும் பக்கம் சாய்ந்திருக்கும். அதோடு நீர்ச்சத்தும் குறைந்தால் மூளைச் சிரையில் கட்டு உண்டாகும் ஆபத்து கூடும். பிரசவமான சில வாரங்களில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் அதைக் காற்றுக் கருப்பு என்றோ வெறும் ஒற்றைத் தலைவலி என்றோ விட்டுவிடக் கூடாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

சோதனையின் சிக்கல் புரிய ஒரு மாதிரிக் குடும்பத்தைப் பார்க்கலாம். 24 வயதுப் பெண். சிசேரியன் ஆகி பத்தாம் நாள் இடது கால் மட்டும் தொடைவரை வீங்கி, கனத்து, நடந்தால் வலிக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் நீர்தான் என்று வீட்டார் சொல்கிறார்கள். நீர் என்றால் பெரும்பாலும் இரண்டு காலிலும் வீங்கும். ஒரே காலில் வீக்கம் என்றால் டாப்ளர் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். எடுத்ததில் தொடையிலிருந்து இடுப்புவரை சிரையில் கட்டு. உடனே ஹெப்பாரின் ஊசி தொடங்குகிறார்கள்.

அப்போதே எடுத்த ரத்தப் பரிசோதனையில் புரோட்டீன் எஸ் 35 விழுக்காடு, ஆன்டித்ராம்பின் 60 விழுக்காடு, புரோட்டீன் சி இயல்பு. குடும்பத்தினர் "புரோட்டீன் எஸ் குறைவு" என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் தானாகவே இறங்கும், பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் கழித்தே பழைய அளவுக்கு வரும். புதிதாகக் கட்டு உண்டாகும்போது மூன்று புரதங்களுமே செலவாகும். ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைத்துக் காட்டும்.

விசாரித்தபோது, அவளுடைய அப்பாவுக்கு 38 வயதில் கால் முறிந்து கட்டுப் போட்டபோது ரத்தக்கட்டு வந்தது தெரிகிறது. இப்போது அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. எனவே நம்பத்தக்க விடை அவர் ரத்தத்தில்தான் கிடைக்கும். அவரைச் சோதித்தால் புரோட்டீன் சி-யும் எஸ்ஸும் இயல்பு, ஆன்டித்ராம்பின் 54 விழுக்காடு. சில வாரங்கள் கழித்துத் திரும்ப எடுத்தாலும் அதே அளவு. பொதுவாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதே இயல்பு.

மகள் மூன்று மாதமாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துவருகிறாள். வார்ஃபரின் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும், ஆன்டித்ராம்பினைக் குறைக்காது. ஆகவே மருந்தை நிறுத்தாமலே அதை அளக்கிறார்கள்: 51 விழுக்காடு. முதல் ரிப்போர்ட்டில் சொன்ன புரதம் ஒன்று, குடும்பத்தில் ஓடும் குறை வேறொன்று.

எப்போது சோதிப்பது?

பொதுவாகக் கட்டு வந்து மூன்று மாதம் கழித்துச் சோதிப்பதே நல்லது. வார்ஃபரினை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது போன பின்பே புரோட்டீன் சி, எஸ் அளவுகளை நம்பலாம், எஸ்ஸுக்கு இன்னும் சில வாரம் காத்திருப்பது மேல். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளில் இருப்பவருக்கு, சோதனை முறையைப் பொறுத்து, குறை இருந்தும் இயல்பு போலத் தெரியலாம். கல்லீரல் நோயும், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயும் பிறவிக் குறை இல்லாமலே அளவைக் குறைக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிறவிக் குறை என்று முத்திரை குத்தக் கூடாது. சோதனைக்காக மருந்தைத் தானாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

வார்ஃபரின் தொடங்கும் முதல் வாரம்

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரைகள் முதல் சில நாட்களில் எதிர்மாறாக வேலை செய்யக்கூடும். வைட்டமின் கே-யை நம்பியிருக்கும் எல்லாப் புரதங்களையும் இவை குறைக்கின்றன. அதில் புரோட்டீன் சி ரத்தத்தில் சில மணி நேரமே தங்குவது, ஆகவே முதலில் அது தீர்ந்துபோகிறது. உறையவைக்கும் காரணிகள் தீர மேலும் சில நாள் ஆகும். இடைப்பட்ட நாட்களில், ஏற்கெனவே புரோட்டீன் சி பாதியாக உள்ளவருக்குத் தோலின் சிறு குழாய்களில் ரத்தம் உறையலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து மார்பு, தொடை, பிட்டம் போன்ற கொழுப்பு மிகுந்த இடங்களில் வலியோடு சிவந்து, பிறகு தோல் கறுத்துப்போகும். அபூர்வமானது என்றாலும், கண்டவுடன் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறி.

இதைத் தவிர்க்கத்தான் ஹெப்பாரின் ஊசியோடு சேர்த்தே மாத்திரையைத் தொடங்குகிறார்கள். குறைந்தது 5 நாளாவது இரண்டும் சேர்ந்து போக வேண்டும், ஐ.என்.ஆர். அளவு 2-ஐத் தொட்டு ஒரு நாளாவது நிலைக்க வேண்டும். "ஊசி போதும், மாத்திரை மட்டும் கொடுங்கள்" என்று அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆன்டித்ராம்பின் குறைவில் வேறொரு சிக்கல். ஹெப்பாரின் வேலை செய்வதே ஆன்டித்ராம்பினைத் தூண்டித்தான். அது குறைவாக இருந்தால் வழக்கமான அளவு ஊசி போட்டும் மருந்து பிடிக்காமல் போகலாம்.

சொந்தத்தில் கல்யாணமும் பிறந்த குழந்தையும்

மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் புரோட்டீன் சி குறை இருந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு இரண்டு பழுதான மரபணுக்களும் சேர்ந்து வரலாம். அந்தக் குழந்தைக்குப் புரோட்டீன் சி ஏறக்குறைய அறவே இராது. பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோலில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றி வேகமாகக் கறுக்கும், கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியலாம். புரோட்டீன் எஸ்ஸிலும் இப்படி நேரலாம். அடி பட்டதாகவோ தோல் நோயாகவோ எண்ணிக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே பிளாஸ்மா ஏற்ற வேண்டும், அதையும் ஒரே நாளில் பலமுறை.

குடும்பத்தில் அடுத்து யார்?

மேலே சொன்ன பெண்ணின் தங்கைக்கும் தம்பிக்கும் ஆன்டித்ராம்பின் பார்ப்பதில் பொருள் உண்டு. குறை இருந்தும் இதுவரை கட்டு வராதவருக்குத் தினசரி மாத்திரை பொதுவாகத் தேவையில்லை, ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். ஆபத்தான காலங்களில் மட்டும் காப்பு தேவை. தம்பிக்குப் பெரிய அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ நேர்ந்தால் ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி போடுவார்கள். தங்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தவிர்த்துக் காப்பர்-டி போன்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம். அவள் கருவுற்றால் கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பின் 6 வாரமும் ஊசி வேண்டியிருக்கும். புரோட்டீன் சி, எஸ் குறைவில், இதுவரை கட்டு வராதவருக்குப் பல நேரம் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வார ஊசியே போதும்.

கட்டு வந்த அக்காவுக்கு நிலைமை வேறு. அவள் மருந்தைப் பல ஆண்டுகள் தொடர மருத்துவர் சொல்லக்கூடும். வார்ஃபரின் எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். ஆனால் அடுத்த கர்ப்பம் உறுதியானதும் அதை விட்டு ஊசிக்கு மாற வேண்டும். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம்வரை வார்ஃபரின் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கும் என்பதால், மாதவிலக்கு தள்ளிப்போன வாரமே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இந்தக் குடும்பத்தில் யாருக்காவது திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், காரணமில்லாத மயக்கம் வந்தால், காலிலிருந்து கட்டு நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாகவே "எங்கள் குடும்பத்தில் ஆன்டித்ராம்பின் குறைவு இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்கட்டும். அதில் அளவோடு, சோதித்த தேதியும், அன்று எடுத்துக்கொண்டிருந்த மருந்தின் பெயரும் எழுதியிருக்க வேண்டும். அவை இல்லாமல் அந்த எண்ணை எந்த மருத்துவராலும் நம்ப முடியாது.