85-ஆ, 78.57-ஆ? தலைமையாசிரியருக்கு ஒரு விளக்கக் கடிதம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து தேர்ச்சி ஆய்வுக் கூட்டம் நெருங்கும் நாட்களில் பல பள்ளிகளில் இந்தச் சிக்கல் முளைக்கும். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கணக்குப் பாடத்தின் தேர்ச்சி 85 சதவீதம் என்கிறது பாட ஆசிரியரின் மதிப்பெண் பதிவேடு. வகுப்பாசிரியரின் தொகுப்புப் பதிவேட்டில் அதே பாடத்துக்கு 78.57 என்று இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து உண்டு. எது சரி என்று எழுத்தில் விளக்கம் கேட்கிறார் தலைமையாசிரியர். அப்படி ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் 42 பேர் படிக்கிறார்கள். 42-இல் 85 சதவீதம் என்றால் 35.7 பேர். முக்கால் மாணவர் என்று ஒருவர் இருக்க முடியாது. ஆகவே அந்த 85, 42 பேரை வைத்துப் போட்ட கணக்கல்ல. 40-ஆல் பெருக்கினால் சரியாக 34 வருகிறது. மறுபக்கம், 78.57 என்பது 42 பேரில் 33 பேர். இரு பதிவேடுகளும் வகுத்த எண்ணும் வேறு, தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையும் வேறு. ஒரு பிழைதான் இருக்கும் என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வராதவர் இருவர் என்று தெரிந்ததும் திருப்தியாகிவிடுவார்கள். மீதி வித்தியாசம் அப்படியே கிடக்கும்.

அதை வரிசை எண் வாரியாக ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். ஒருவர் ஒரு பதிவேட்டை வாசிக்க, மற்றவர் இன்னொன்றில் சரிபார்த்துக்கொண்டே வர வேண்டும். நம் பள்ளியில் 17-ஆம் எண் மாணவருக்கு ஒன்றில் 35, மற்றதில் 33. இதற்குப் பிறகு கடிதம் எழுதுவது எளிது:

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அரையாண்டுத் தேர்வு, கணக்குத் தேர்ச்சி சதவீத வேறுபாடு – விளக்கம்.

பதிவேட்டில் உள்ள மாணவர் 42 பேர். தேர்வெழுதியவர் 40 பேர். 8, 29 ஆகிய எண்களுக்குரிய மாணவர்கள் வரவில்லை. எனது பதிவேட்டில் எழுதியவர்களை மட்டும் கொண்டு சதவீதம் கணக்கிட்டுள்ளேன். தொகுப்புப் பதிவேட்டில் 42 பேரைக் கொண்டு கணக்கிடப்பட்டுள்ளது.

17-ஆம் எண் மாணவரின் விடைத்தாளில் ஒரு இரண்டு மதிப்பெண் வினா கூட்டலில் விடுபட்டிருந்தது. விடைத்தாள் வழங்கிய அன்று அதைச் சேர்த்து 33-ஐ 35 ஆகத் திருத்தினேன். மதிப்பெண் பட்டியல் அதற்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சென்றுவிட்டதால் அங்கு திருத்தம் ஏறவில்லை. விடைத்தாளை இணைத்துள்ளேன்.

எனவே தேர்ச்சி பெற்றவர் 34 பேர். எழுதியவர்களில் 85 சதவீதம். பதிவேட்டில் உள்ளவர்களில் 80.95 சதவீதம். தொகுப்புப் பதிவேட்டைத் திருத்த அனுமதி வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். 'பணிச்சுமை காரணமாக' என்று ஒரு பத்தி சேர்ப்பது வழக்கம். அதனால் கணக்கு தெளிவாகப் போவதில்லை. 33-ஐ 35 ஆக்கியது தேர்ச்சிக் கோட்டைத் தாண்ட வைக்கும் திருத்தம் என்பதால் சந்தேகம் எழுவது இயல்பு. அதைத் தீர்ப்பது இணைத்த விடைத்தாள்தான், சொற்கள் அல்ல. பதிவேட்டிலும் பழைய எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண்ணும் சுருக்கொப்பமும் தேதியும் இடுவது நல்லது. வெள்ளை மை பூசினால் நியாயமான திருத்தமும் மோசடி போலத் தெரியும்.

இரண்டு சதவீதங்களில் எதை வைத்துக்கொள்வது? பொதுத்தேர்வு முடிவுகளில் எழுதியவர்களைக் கொண்டே சதவீதம் சொல்லப்படுகிறது. 2024-இல் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 91.55 என்றபோது, அது தேர்வெழுதிய 8,94,264 பேரில் 8,18,743 பேர் என்ற கணக்கு. ஆனால் பள்ளிக்குள் நடக்கும் ஆய்வுக்கு 42 பேரை வைத்துப் போடும் கணக்கே உதவும் என்பது என் எண்ணம். எழுதியவர்களை மட்டும் எண்ணினால், தேறமாட்டார் என்று தோன்றும் மாணவர் தேர்வன்று வராமலிருப்பதே சதவீதத்தை உயர்த்திவிடும். இரண்டையும் அருகருகே எழுதி, எது எதனால் வகுத்தது என்று தலைப்பிட்டுவிட்டால் அடுத்த தேர்வில் இந்தக் கேள்வி வராது.

வராதவர் கட்டத்தில் சுழியம் போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் வராதவர் எழுதித் தோற்றவராகிவிடுவார். வகுப்புச் சராசரியும் சரியும். 85 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அதன்பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வருகைப் பதிவேட்டில் தேர்வு நாளைப் புரட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.