பால் பாயசம் ஏன் அடிபிடிக்கிறது?

ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகச் சுண்டவைக்கும்போது பாத்திரத்தின் குணம் தெரிந்துவிடும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அடிபிடித்தால், பர்னரின் தீ வளையம் அப்படியே பழுப்பாக அடியில் பதிந்திருக்கும். எவர்சில்வர் வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பரப்பும். தீ படும் இடம் மட்டும் அதிகம் சூடாகி, அங்கே பாலின் புரதம் ஒட்டிக் கருகுகிறது. அடியில் அலுமினியத் தகடு வைத்த கனமான எவர்சில்வர் பாத்திரம் இந்தக் குறையைப் பெருமளவு போக்குகிறது.

அப்படியானால் கனமான அலுமினியமே போதுமே? பாலுக்குப் போதும். புளிக்குழம்புக்கு வேண்டாம், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், பாத்திரம் நிறம் மாறும், குழம்பில் உலோகச் சுவை ஏறலாம்.

அதற்கு மண்சட்டிதான் பொருத்தம். மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிறது; சட்டியின் கனமோ சேர்ந்த சூட்டை எளிதில் விடாது. அடுப்பை அணைத்த பிறகும் மீன்குழம்பு சில நிமிடம் கொதிப்பது அதனால்தான். ஆகவே முழுப் பதம் வருவதற்குச் சற்று முன்பே அணைத்துவிட வேண்டும். மண்சட்டியில் அடிபிடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். பெருந்தீயில் வைத்தால் அதுவும் பிடிக்கும், விரிசலும் விடலாம்.

கிளறும்போது கரண்டி அடியில் சொரசொரப்பாக இழுத்தால் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது சுரண்டாமல், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.